“உங்க அனுபவத்துக்கு இது சின்ன வேலைங்க”: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பம்ப், மோட்டார், வார்ப்படம், கடைசல் என்று இந்த ஊரின் வழக்கமான தொழில்கள்தான். இங்கே எழுதப்போவது 2024 ஆடி மாதத்தில் தொடங்கிய ஒரு விவகாரம். சம்பந்தப்பட்டவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். ஆளையும் நிறுவனங்களையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்; கணக்கும் பேச்சும் நடந்தபடியே இருக்கின்றன.

அவருக்கு 46 வயது. மெக்கானிக்கல் பி.இ., அதற்கு மேல் தபால் வழியில் ஒரு எம்.பி.ஏ. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். கீழே 42 பேர். மாதம் 1,35,000 ரூபாய். மனைவி உடுமலைப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் அப்போதுதான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள். ஊரில் சொந்த வீடு, கடன் முடிந்துவிட்டது. பதினோரு வருடமாக அவர் மட்டும் சென்னையில், குடும்பம் இங்கே. அந்த வருடம் சித்திரையில் அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஊருக்கு வந்துவிடுவது என்று அப்போது முடிவெடுத்தார்.

கோவையில் அவர் அளவுக்குத் தலைமைப் பதவி உடனே அமையவில்லை. அப்படிப்பட்ட நாற்காலிகள் இங்கே கொஞ்சம். அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் சீக்கிரம் எழுந்திருப்பதும் இல்லை. அதனால் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் பிரிவு, கீழே இரண்டு பேர், மாதம் 50 முதல் 58 ஆயிரம் வரை.

முதலில் அனுப்பிய இடத்திலிருந்து மறுநாளே எனக்குப் போன் வந்தது. “ஆளு தங்கம்ங்க. ஆனா ஓவர் குவாலிஃபைட். வேற பாருங்க.” இந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார்கள். விண்ணப்பித்தவரும் அதைக் கேட்டுக்கொண்டு, திறமை அதிகமாக இருப்பது ஒரு குற்றமா என்று மனம் வெறுத்துப் போவார். இவரும் அப்படித்தான் கேட்டார்.

எனக்கு அந்த நேர்முகத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டேன்.

அவர் சொன்னது இது. முதலாளியும் தரக்கட்டுப்பாட்டு மேலாளரும் சேர்ந்து பேசினார்கள். “இவ்வளவு பெரிய இடத்துல இருந்துட்டு ஏன் இங்க வரீங்க?” என்று கேட்டார்கள். “அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்க, பக்கத்துல இருக்கணும்” என்றார். “சம்பளம் கட்டுபடியாகுமா?” என்றார்கள். “சம்பளம் எனக்குப் பெரிய விஷயமில்லைங்க, நீங்க பார்த்துக் கொடுங்க” என்றார். “போரடிச்சுப் போயிட மாட்டீங்களே?” என்றதற்கு, “கண்டிப்பா மாட்டேங்க, எந்த வேலையா இருந்தாலும் நூறு சதவீதம் கொடுப்பேன்” என்றார். கடைசியில் ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். அப்போது சோதனைப் பிரிவில் இருந்த முறைகளைப் பார்த்து, இவற்றை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று முதலாளிக்கு ஐந்து நிமிடம் விளக்கினார். முதலாளி தலையாட்டிக் கேட்டாராம். “நல்லா போச்சுன்னுதாங்க நினைச்சேன்.”

மேலாளர் சொன்னது வேறு. அவருக்கு 33 வயது. “அண்ணா, அவரு எங்க பிரிவைப் பத்தி முதலாளிகிட்ட வகுப்பு எடுத்தாரு, நான் பக்கத்துல நிக்கிறேன். அவரு எனக்குக் கீழயா?” சற்று நேரம் விட்டுச் சொன்னார்: “அப்புறம் அவங்க அப்பா. தப்பா நினைக்காதீங்க. இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. அதுக்கப்புறம் அவருக்கு இங்க என்ன வேலை?”

கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மனதில் ஓடும் கணக்கு இதுதான், அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். “தகுதி அதிகம்” என்ற சொல்லுக்குள் பட்டம் பற்றிய கவலை அநேகமாக இருப்பதே இல்லை. ரோமன் கால்பெரினும் அவருடைய சக ஆய்வாளர்கள் மூவரும் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆள் எடுக்கும் மேலாளர்களையே வைத்து நான்கு சோதனைகள் நடத்தினார்கள். தேவையான அளவு திறமை உள்ளவரைவிட மிகுந்த திறமை உள்ளவரை, ஈடுபாடு குறைந்தவராக மேலாளர்கள் மதிப்பிட்டார்கள் என்று அதில் தெரிந்தது. காரணம் இரண்டு. ஒன்று, இவ்வளவு கெட்டிக்காரனுக்கு நம் நிறுவனத்தின் மேல் அக்கறை இருக்காது, மனம் வைத்து உழைக்க மாட்டான். மற்றொன்று, இவனுக்கு வெளியே நிறைய வாசல் திறந்திருக்கும், போய்விடுவான். என் அனுபவத்தில் கோவையின் சிறு ஆலைகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இவன் என் நாற்காலிக்கு வந்துவிடுவான். இதைச் சொல்பவர் முதலாளி இல்லை, நேர் மேலாளர். பல நேரம் அந்த வேலைக்கு வேண்டாம் என்று கை காட்டுபவரும் அவர்தான்.

இந்த மூன்று பயத்துக்கும் பதில் வேறு வேறு. “நூறு சதவீதம் கொடுப்பேன்” என்பது எதற்குமே பதில் இல்லை. போய்விடப்போகிறவனும் அதைத்தான் சொல்வான். வாக்குறுதியை வைத்து இருவரையும் பிரித்தறிய முடியாது. “சம்பளம் பெரிய விஷயமில்லை” என்பது அதைவிட மோசம். சம்பளம் பெரிய விஷயமில்லை என்று சொல்பவரை முதலாளி நம்ப மாட்டார், அவருக்கு அது பெரிய விஷயம் என்பதால்.

அடுத்த இடம் ஒன்று தயாராக இருந்தது. மோனோபிளாக் பம்ப் செய்யும் ஆலை, அதே மாதிரிப் பதவி, சம்பளமும் கிட்டத்தட்ட அதே. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை என் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். கேள்வி கேட்டு ஒத்திகை பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பணக் கணக்கைப் போடச் சொன்னேன்.

சென்னையில் கைக்கு வருவது 1,12,000. அதில் வீட்டு வாடகையும் பராமரிப்பும் 24,000. தனியாளாகச் சாப்பாடு, மற்றது 9,000. வாரம் ஒருமுறை ஊருக்கு வந்து போக மாதம் 7,200. சித்திரைக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரவும் பகலும் ஆள் வைத்திருந்தார்கள், 18,000. மொத்தம் 58,200 போக மீதம் 53,800.

இங்கே 55,000 சம்பளம் என்றால் பிஎஃப், தொழில்வரி போகக் கைக்கு ஏறக்குறைய 53,000. வாடகை இல்லை, பயணச் செலவு அநேகமாக இல்லை. இரவில் இவர் வீட்டில் இருப்பதால் பகலுக்கு மட்டும் ஆள் போதும், 10,000. மீதம் 43,000. வீட்டுச் சாப்பாட்டில் ஒரு ஆள் கூடுவதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சம்பளச் சீட்டில் 80,000 ரூபாய் வித்தியாசம்; வீட்டில் 10,800. அவர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “இதை நான் ஒரு தடவகூட எழுதிப் பார்க்கலீங்க” என்றார். சம்பளம் பெரிய விஷயமில்லை என்று அவர் முன்பு சொன்னது பொய் இல்லை. ஆனால் அதன் உள்கணக்கு அவருக்கே தெரியாமல் சொன்னதால் அது வெறும் தாராளமாகக் கேட்டது. இப்போது அதையே வேறு மாதிரிச் சொல்ல முடியும்: “சென்னையில ஒன்னு, ஊர்ல ஒன்னுன்னு ரெண்டு குடித்தனம் நடத்துறேங்க. சென்னைச் செலவு போனா, எனக்கு மாசம் குறையறது பத்துப் பதினொன்னாயிரந்தான். வீட்டம்மா சம்பளம் இருக்கு, கடன் இல்லை.” முதலாளி வியாபாரி. எண் சொன்னால் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பார், கணக்கு வந்தால் நம்புவார்.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு எல்லோருக்கும் இப்படி இறங்கி வராது. வித்தியாசம் உண்மையிலேயே முப்பது, நாற்பது ஆயிரம் என்று நின்றால், எட்டாவது மாதத்தில் அது வீட்டில் சண்டையாக வெடிக்கும், வேலையில் எரிச்சலாகத் தெரியும். அப்படி இருந்தால் அந்த வேலைக்குப் போகாமல் இருப்பது நல்லது என்றுதான் நான் சொல்வேன், எனக்குக் கமிஷன் போனாலும்.

அடுத்தது காரணங்களின் வரிசை. ஊருக்கு வருவதற்கு அவருக்கு மூன்று காரணங்கள் இருந்தன: அப்பா, மனைவியின் வேலை, மகளின் படிப்பு. மனதில் பெரிதாக இருந்தது அப்பா, அதனால் அதையே முதலில் சொன்னார், அதை மட்டும் சொன்னார். ஆனால் கேட்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் காரணத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கூடவே, அடிக்கடி லீவு கேட்பார் என்ற சந்தேகமும் வரும். மற்ற இரண்டுக்கும் முடிவுத் தேதி தெரியும். மனைவிக்கு அரசு வேலை, ஓய்வு பெற இன்னும் பதினான்கு வருடம். அவர் அந்த வட்டாரத்தை விட்டு நகரப்போவதில்லை. மகள் 2028 மார்ச்சில் பிளஸ் டூ எழுதுவாள்.

அப்பாவை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்போது ஏமாற்றியது போலாகிவிடும். மூன்றாவதாகச் சொல்லுங்கள், சொல்லும்போது பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

பிறகு அவராகவே ஒன்று கேட்டார். “2028க்கு அப்புறம் இருப்பேனான்னு கேட்டா என்ன சொல்றது? எனக்கே தெரியலையே.” தெரியாது என்றே சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை இருப்பேன் என்று சொன்னால்தானே நம்புவார்கள் என்று வாதாடினார். என் கணிப்பு நேர் எதிர். கடைசிவரை இருப்பேன் என்பவன் எதையும் யோசிக்காமல் சொல்கிறான். இன்ன தேதிவரை நகர மாட்டேன், அதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது என்பவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். மேலும், பம்ப் ஆலையில் ஒரு இளம் பொறியாளர் நான்கு வருடம் இருந்தாலே அதிசயம்.

ரெஸ்யூமே விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் சண்டை வந்தது. அவருடையது நான்கு பக்கம். முதல் பக்கம் முழுக்க 42 பேர், மூன்று ஆலைகள், கோடிக்கணக்கில் மிச்சம் என்று தலைமைப் பதவிக்கான பேச்சு. அவருடைய நண்பர் ஒருவர் எம்.பி.ஏ.வை எடுத்துவிடு, பதவிப் பெயரை ‘சீனியர் இன்ஜினியர்’ என்று மாற்றிவிடு என்று யோசனை சொல்லியிருந்தார். நான் ஒப்பவில்லை. பதவிப் பெயரை மாற்றி எழுதுவது பொய். பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழிலேயே பதவி இருக்கும். சரிபார்க்க ஒரு போன் போதும். எங்கே எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பது பிஎஃப் யுஏஎன் கணக்கின் பணி வரலாற்றில் கிடக்கிறது.

படிப்பை மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு விளம்பரம் கொடுத்தது. 12ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், 2016 ஜனவரி 1 அன்று பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அனித் குமார் தாஸ் என்பவர் 2014இலேயே பட்டம் பெற்றவர். விண்ணப்பத்தில் அதை எழுதவில்லை. வங்கி கண்டுபிடித்து அவருடைய விண்ணப்பத்தையே தள்ளிவிட்டது. ஒடிசா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் அதை ரத்து செய்து வங்கி செய்தது சரி என்றது. நிபந்தனை தவறு என்று நினைத்தால் முதலிலேயே எதிர்த்து வழக்குப் போட்டிருக்க வேண்டும், மறைத்து விண்ணப்பித்துவிட்டுப் பிறகு தகுதி அதிகம்தானே என்று வாதாட முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. அது பொதுத்துறை வங்கி, எழுதப்பட்ட நிபந்தனை. தனியார் பம்ப் ஆலைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மறைத்தது தெரியவந்தால் திறமையைப் பற்றிய பேச்சு போய், நாணயத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும் என்பது எந்த இடத்துக்கும் பொருந்தும்.

கடைசியில் நாங்கள் செய்தது சுருக்கியது மட்டும். இரண்டு பக்கம். மேலே ஒரே வரி: உடுமலையில் குடும்பம், கோவைப் பகுதியில் தரச்சோதனைப் பொறியாளர் பணி தேடுகிறார். அதற்குக் கீழே கையால் செய்யத் தெரிந்தவை: அளவைக் கருவிகள், கருவிகளின் அளவுத் திருத்தம், சப்ளையர் சரக்கு நிராகரிப்பு, வார்ப்படக் குறைகள். தலைமைப் பதவி உள்ளது உள்ளபடி, ஆனால் மூன்றே வரியில். எம்.பி.ஏ. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. தன் பெருமையைத் தானே வெட்டுவது போல இருந்தது என்றார். அது உண்மைதான். அந்த வருத்தத்தை வீட்டிலேயே பட்டுவிட்டு வருவது நல்லது. நேர்முகத்தில் பட்டால் முகத்தில் தெரிந்துவிடும்.

பம்ப் ஆலையில் முதலாளியிடம் போவதற்கு முன், தரக்கட்டுப்பாட்டு மேலாளரைத் தனியாகப் பார்க்க ஏற்பாடு செய்தேன். அங்கும் மேலாளர் இளையவர், 35 வயது. அவரிடம் இவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “உங்களுக்கு இப்ப எது பெரிய தலைவலிங்க?” மேலாளர் எண்ட் ஷீல்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மோட்டாரின் இரு முனைகளிலும் பேரிங்கைத் தாங்கி நிற்கும் மூடி அது. வெளியே ஜாப் ஒர்க்கில் கடைந்து வருகிறது. பேரிங் உட்காரும் துளை 62 மில்லிமீட்டர், 62.000 முதல் 62.030 வரை ஏற்கலாம். மத்தியானத்துக்கு மேல் வரும் லாட்டுகளில் நிராகரிப்பு அதிகம், கடைசல்காரர் ஒவ்வொரு வாரமும் சண்டைக்கு வருகிறார். “ஒரு அரை நாள் உங்க இன்ஸ்பெக்‌ஷன்ல உட்கார்ந்து பார்க்கட்டுங்களா? வேலை கிடைக்குதோ இல்லையோ” என்றார் இவர். மேலாளருக்கு ஆச்சரியம். சரி என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போனார். சோதிப்பவர் 22 வயதுப் பையன், ஐ.டி.ஐ. முடித்தவன். 20 எண்ட் ஷீல்டை வரிசையாக அடுக்கி, துளையின் உள்ளளவு பார்க்கும் போர் கேஜால் அளந்துகொண்டிருந்தான். மூன்று அளவு குறைவு என்று சிவப்புத் தட்டில் போனது. இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். போர் கேஜ் தானாக அளவு சொல்லாது; சரியாக 62.000 உள்ள வளையத்தில் வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று பார்க்க வேண்டும். “தம்பி, ரிங்ல ஒருக்கா ஜீரோ பார்த்துக்கலாமா?” என்றார். பையன் வளையத்தில் வைத்தான். முள் சுழியத்தில் இல்லை, 0.015 குறைவாகக் காட்டியது. காலையில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது செட் செய்ததோடு சரி, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. திரும்பச் செட் செய்து அந்த மூன்றையும் அளந்தார்கள். மூன்றும் தேறின.

இதற்கு அடுத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். ஒரு மாதத்துக்கு முன்பு இருந்த மனிதர் அங்கேயே நின்று எல்லோருக்கும் விளக்கியிருப்பார். இவர் பையனிடம் “நீயே போய்ச் சொல்லிடு” என்றார். பையன் தயங்கவே, கூடவே போனார். மேலாளரின் மேஜை முன் நின்று, “சார், போர் கேஜ் காலையில செட் பண்ணது கொஞ்சம் நகர்ந்திருக்குங்க. தம்பி கண்டுபிடிச்சுட்டாரு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருக்கா ரிங்ல பார்த்துக்கிட்டா போதும்னு தோணுது, நீங்க சொன்னீங்கன்னா போர்டுல எழுதிடலாம்” என்றார்.

மேலாளர் எனக்கு அன்று மாலையே பேசினார். அந்தப் பிழையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை; அது தெரிந்த பிழைதான், என்றைக்காவது பிடிபட்டிருக்கும். “என்னை சார்னு கூப்பிட்டாருங்க. நடிச்ச மாதிரி இல்லை. போர்டுல எழுதறதுக்கு என்கிட்ட கேட்டாரு” என்றார். நாற்காலிப் பயம் அந்த இடத்தில் போயிருக்கிறது. “உங்களுக்குக் கீழே வேலை செய்வதில் எனக்குப் பிரச்சினை இல்லை” என்று இவர் வாயால் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அது போயிருக்காது.

முதலாளியைச் சந்தித்தது திங்கட்கிழமை. பழைய கேள்விகள் அப்படியே வந்தன, நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். “ஓவர் குவாலிஃபைட்டுன்னு எனக்கு யோசனையா இருக்குதுங்க” என்று அவரே ஆரம்பித்தார். இவர் மறுக்கவில்லை. “இருக்குமுங்க. உங்களுக்கு எது யோசனையா இருக்குது, சம்பளமா, நான் போயிடுவேன்னா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். எதிர்ப்பக்கம் இருப்பவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். எதையும் சொல்லாமல் மழுப்பினால், அநேகமாக அங்கே பிரச்சினை வயதாகவோ வேறொன்றாகவோ இருக்கும். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அது மாறாது, நேரத்தை வீணாக்காமல் அடுத்த இடம் பார்க்கலாம்.

முதலாளி, “போயிடுவீங்கன்னுதான்” என்றார். இவர் மனைவியின் வேலையைச் சொன்னார், மகளின் 2028 மார்ச்சைச் சொன்னார், அப்பாவைச் சொன்னார், பகல் ஆளையும் சொன்னார். “2028 வரைக்கும் நான் இந்த ஊரை விட்டு நகர முடியாதுங்க. அதுக்கு மேல இப்ப வாக்குக் கொடுத்தா அது பொய்யாப் போயிடும்.” பிறகு, நாங்கள் பேசி வைக்காத ஒன்றைச் சேர்த்தார். “உங்க நோட்டீஸ் ஒரு மாசம்னு பார்த்தேன். எனக்கு மூணு மாசம்னு போட்டுக்கங்க. போறதா இருந்தாலும் ஆள் எடுத்துப் பழக்கிவிட்டுட்டுப் போறேன்.”

முதலாளி சாய்ந்து உட்கார்ந்தார். ஆள் விட்டுப் போவதில் அவருக்கு உண்மையான நஷ்டம் எங்கே என்றால், போன ஆளுக்கும் வந்த ஆளுக்கும் நடுவில் உள்ள அந்த இரண்டு மாத இடைவெளி. அந்த இடைவெளியில் யாரும் சரியாகப் பார்க்காத சரக்கு அசெம்பிளிக்குப் போய், பம்ப் வயலில் நின்று, டீலர் திருப்பி அனுப்புவான். இவர் தந்தது வாக்குறுதி இல்லை, அந்த நஷ்டத்துக்கு ஒரு தடுப்பு. அதுவும் தனக்குத்தான் அசௌகரியம் வரும்படி. இதையே அளவு மீறிச் செய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வை என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கொடுத்தவர்கள் திரும்ப வாங்க அலைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றதற்கு, “இந்தப் பதவிக்கு நீங்க 50ல இருந்து 58 வெச்சிருக்கீங்க. 55 கொடுங்க” என்றார். பழைய சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேட்டபோது மட்டும் சொன்னார், கூடவே 10,800 கணக்கையும். முதலாளி கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். ஆவணி முதல் வாரம் ஆர்டர் போட்டார்கள்.

சேர்ந்த பிறகு எல்லாம் சீராகப் போகவில்லை. மூன்றாவது மாதம் அவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் சோர்வு தெரிந்தது. காலை முதல் மாலை வரை ஒரே எண்ட் ஷீல்டு, ஒரே கேஜ், மீட்டிங்கில் தன்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சலிப்பு வரவே வராது என்று அவர் இந்த ஆலையின் நேர்முகத்தில் சத்தியம் செய்யாதது நல்லதாயிற்று. துருக்கியில் ஒரு துணிக்கடைச் சங்கிலியின் விற்பனையாளர்களை வைத்து எர்டோகன், பவர் இருவரும் செய்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தங்கள் தகுதி வேலைக்கு மேல் என்று நினைத்தவர்கள் விற்பனையில் குறையவில்லை, கூடுதலாகவே விற்றார்கள். ஆனால் விட்டுப் போகும் எண்ணம், அவர்களுக்கு வேலையில் சுயமாக முடிவெடுக்க இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்திருந்தது. இதை மேலாளரிடம் ஆய்வு என்று சொல்லவில்லை. “அவர்கிட்ட ஏதாவது ஒன்னை முழுசா விட்டுடுங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் ஜாப் ஒர்க் சப்ளையர்கள் ஏழு பேரையும் இவர் பொறுப்பில் விட்டார். பதவி அதேதான், சம்பளம் அதேதான். மாதம் இரண்டு முறை கடைசல் பட்டறைகளுக்குப் போய், அவர்களுடைய கேஜையும் வளையத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார். வாரச் சண்டை நின்றுவிட்டது என்றார் மேலாளர்.

அடுத்த தைக்குப் பிறகு ஓசூரிலிருந்து ஒரு அழைப்பு அவருக்கு வந்தது. 1,20,000. அவர் போகவில்லை. எனக்குச் சொன்னார், மேலாளருக்குச் சொல்லவில்லை. சொன்னால் சம்பளம் கேட்பது போல ஆகிவிடும் என்றார்.

அதே மேலாளர் சென்ற மாதம் என்னிடம் இன்னொரு ஆள் கேட்டார், இரண்டாவது ஷிஃப்டுக்கு. விளம்பர வாசகத்தை அனுப்பியிருந்தார். வழக்கமாக அதில் ‘5 முதல் 8 வருட அனுபவம்’ என்று இருக்கும். இந்த முறை 8ஐ எடுத்துவிட்டு ‘5 வருடத்துக்கு மேல்’ என்று எழுதியிருந்தார்.